‘கரெக்ட்!’ வந்த இடம்: சத்துவாச்சாரி மாடியில் ஓர் ஐந்து நிமிடச் செட்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு காபிக் கடையின் மாடியில் மாதம் ஒருமுறை, யார் வேண்டுமானாலும் மேடை ஏறிச் சிரிக்க வைக்கப் பேசலாம் என்கிற ஓபன் மைக் நடக்கிறது. அதை நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். முப்பது, நாற்பது பேர் வருவார்கள். காட்பாடிப் பக்கமிருந்து கல்லூரி மாணவர்கள், ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்து வரும் நர்ஸ்கள், வீட்டில் இருந்தபடியே பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கும் ஐ.டி. இளைஞர்கள், குடும்பத்தோடு காபி குடிக்க வந்து சத்தம் கேட்டு மேலே ஏறி வருகிறவர்கள். மேடை ஏறும் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம், அந்தப் பேச்சைத்தான் செட் என்கிறோம். நாலு நிமிடம் ஆனதும் பின்வரிசையிலிருந்து செல்போன் டார்ச்சைக் காட்டுவோம். அதைப் பார்த்ததும் பேசுகிறவர் முடிவை நோக்கித் திரும்ப வேண்டும்.

அங்கே பேசிய ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியரின் செட்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஒரு பெண்ணை முதல்முறை தனியாகச் சந்திக்கப் போவதற்கு முன்னால், என்ன பேசுவது என்று வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போன கதை. முதலில் பேசியபோது ஐந்து நிமிடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல சிரிப்புதான் வந்தது. சில மாதம் கழித்து அதே கதையை, அதே மாடியில், ஏறக்குறைய அதே கூட்டத்துக்கு முன்னால் சொன்னார். கூட்டம் சிரித்து முடிப்பதற்காக அவர் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டியிருந்தது. இரண்டு தடவையும் ஆடியோ எடுத்திருக்கிறோம். நடுவில் அவர் எதை மாற்றினார், எதைத் தூக்கிப் போட்டார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் பாதிநாள் கூடவே உட்கார்ந்திருந்தேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

முதல் தடவை செட் இப்படி ஆரம்பித்தது:

“வணக்கம் வேலூர்! நம்ம ஊர்ல ராஜா இல்லாத கோட்டை கீது. சாமி இல்லாத கோயில் கீது. தண்ணி இல்லாத ஆறு கீது. அப்புறம், கேர்ள்ஃபிரெண்ட் இல்லாத நான் இருக்கேன்.”

இதற்கு மரியாதைக்கு ஒரு சிரிப்பு வந்தது. வேலூர்க்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பட்டியல் தெரியும். தாத்தா சொல்லிக் கேட்டிருப்பார்கள், பஸ்ஸில் கேட்டிருப்பார்கள். இரண்டாவது வரியிலேயே கூட்டம் மனசுக்குள் முன்னே ஓடிவிடுகிறது. கடைசியில் தன்னைச் சேர்த்துக்கொள்ளப் போகிறார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எதிர்பார்த்தது எதிர்பார்த்த இடத்தில் வந்தால் தலையாட்டுவார்கள், சிரிக்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அந்தப் பழைய பட்டியலில் ஊர்ப் பெண்களின் அழகைக் குறைத்துச் சொல்லும் ஒரு வரியும் இருக்கிறது. இன்ஜினியர் அதைச் சொல்லவில்லை. ஆனால் பட்டியல் தொடங்கியதுமே முன்வரிசையில் இருந்த பெண்கள் சிலர் கையைக் கட்டிக்கொண்டதைப் பார்த்தேன். அந்த வரி வரும் என்று காத்திருந்தார்கள். அடுத்து இவர் ஒரு பெண்ணைச் சந்தித்த கதையைச் சொல்லப்போகிறார். அந்த அறையின் பாதிப் பேரை முதல் இருபது நொடியிலேயே எச்சரிக்கையாக உட்கார வைத்துவிட்டு அந்தக் கதைக்குள் போவது மிகவும் கஷ்டம். தவிர, பட்டியலே இப்போது பொருந்தாது. ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு 1981-லேயே லிங்கம் திரும்பிவிட்டது. அதுவரை லிங்கம் இருந்தது இதே சத்துவாச்சாரியில். பாலாறு 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியதை அந்த அறையில் இருந்த எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் முன்னால் ஊரைப் பற்றிய பழைய வரியை எடுத்தால் இதெல்லாம் சேர்ந்து எதிரில் வந்து நிற்கும். முதல் வெட்டு அங்கேதான் விழுந்தது.

அதற்கு அடுத்த பகுதி, கதையின் நடு. ஆடியோவில் உள்ளபடியே தருகிறேன்:

“ஒரு ஆப்ல ஒரு பொண்ணப் பழக்கமாச்சு. நேர்ல மீட் பண்ணலாம்னாங்க. எனக்கு ரொம்ப பயம். பொண்ணுங்ககிட்ட பேசியே பழக்கம் இல்ல. அதனால என்னென்ன பேசணும்னு ஃபோன்ல எழுதி வச்சு ரிகர்சல் எல்லாம் பண்ணேன். ஆனா அங்க போய் உக்காந்ததும் எல்லாம் மறந்துபோச்சு. அவங்க பாட்டுக்கு ஃபோன நோண்டிக்கினு இருந்தாங்க. நான் பாட்டுக்கு காபி குடிச்சிக்கினு இருந்தேன்.”

இங்கே அமைதி. ஒருவர் இருமுகிற சத்தம்கூட ஆடியோவில் பதிவாகியிருக்கிறது.

சம்பவம் நல்ல சம்பவம்தான். ஆனால் அதில் சிரிப்பதற்கு எதுவும் கூட்டத்தின் கைக்கு வந்து சேரவில்லை. ரிகர்சல் பண்ணேன் என்கிறார். என்ன ரிகர்சல் என்று நமக்குத் தெரியாது. மறந்துபோச்சு என்கிறார். எது மறந்தது என்று தெரியாதபோது, அது மறந்ததால் நமக்கு என்ன? திட்டம் போட்டு ஒன்று செய்யப்போய் அது கவிழ்கிற கதைகள் எல்லாவற்றிலும் கேட்பவர்களுக்கு அந்தத் திட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான், அந்தப் பெண் வாயைத் திறந்து முதல் பதிலைச் சொன்ன நொடியில், “ஐயோ, இதுக்கு இவன்கிட்ட பதில் இல்லையே” என்று அவர்கள் இவருக்கு முன்னால் பதறுவார்கள். அந்தப் பதற்றம்தான் சிரிப்பாக வெடிக்கிறது. தெரியாவிட்டால், அவர் சொல்லி முடித்த ஒரு தோல்வியைக் கேட்டுவிட்டு “அப்படியா பாவம்” என்று உட்கார்ந்திருப்பார்கள்.

செட் முடிந்து கீழே இறங்கி டீ குடிக்கும்போது அவரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: “உண்மையிலேயே மறந்துடுச்சா தம்பி?”

“இல்லண்ணா. எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. அவங்கதான் நான் எழுதின பதில் எதையும் சொல்லல.”

செட் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. மேடைக்காக அதைவிட எளிமையான, எல்லோருக்கும் நடக்கிற ‘மறந்துபோச்சு’வை அவர் போட்டிருந்தார். முதல்முறை எழுதுகிற பலரும் இதைச் செய்கிறார்கள். நடந்தது ரொம்பத் தனிப்பட்டதாக இருக்கிறது, யாருக்குப் புரியும் என்று நினைத்து, அதை எல்லோருக்கும் பொதுவான ஒன்றாக மாற்றிவிடுகிறார்கள். மாற்றும்போது அவர் ஃபோனில் இருந்த ஏழு தலைப்புகளும், ஒவ்வொன்றுக்கும் அவர் எழுதி வைத்திருந்த எதிர்ப் பதில்களும், அதைச் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்ததும், பக்கத்து அறையில் அவருடைய அம்மா அதைக் கேட்டதும், எல்லாம் காணாமல் போய்விட்டன.

ஏழு தலைப்பையும் எடுத்து வரச் சொன்னேன். ஃபோனில் உண்மையிலேயே இருந்தன: வெயில், சினிமா, பிரியாணி, வேலை, டூர், பிடித்த நிறம், குடும்பம். கடைசிக்குப் பக்கத்தில் ‘அவசரத்துக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தார். ஐந்து நிமிடத்தில் ஏழு தாங்காது. தமிழில் மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு வார்த்தைக்குக் கொஞ்சம் மேலே போகலாம். சிரிப்புக்கு இடம் விட வேண்டும். ஆக மொத்தம் நானூறு சொச்சம் வார்த்தைதான் கையில். கூட்டம் ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூடியது மூன்று. வெயில், பிரியாணி, டூர் என்ற மூன்றை வைத்துக்கொண்டு மீதியை விட்டோம். இந்த மூன்றையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், வேலூரில் எவரும் எவரிடமும் பேசக்கூடிய தலைப்புகள் இவை. இவற்றில் தப்பு நடக்க வாய்ப்பே இல்லை என்று அந்த அறையில் இருக்கிற அத்தனை பேரும் நம்புவார்கள். அவ்வளவு பத்திரமான கேள்வி உடைந்தால்தான் வேடிக்கை.

புதிய செட்டின் தொடக்கம் இப்படி வந்தது:

“ஒரு பொண்ணு காபி சாப்பிடலாம்னு கூப்பிட்டாங்க. நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். டெஸ்ட் பண்ணாம எதையும் வெளிய விட மாட்டேன். மூணு டாபிக் எழுதினேன். ஒண்ணு, வெயில். ரெண்டு, பிரியாணி. மூணு, டூர். ஒவ்வொண்ணுக்கும் அவங்க இன்னா சொல்வாங்க, அதுக்கு நான் இன்னா சொல்லணும், எல்லாம் எழுதிட்டு, ரூம்ல கதவச் சாத்திக்கினு கண்ணாடி முன்னாடி பேசிக்கினு இருந்தேன். ‘உங்களுக்கு ஊரு சுத்தப் புடிக்குமா? ஓ, சூப்பர். சமைக்கத் தெரியுமா? ஓ, சூப்பர்.’ வெளியேர்ந்து எங்கம்மா, ‘இன்னாடா, மீட்டிங்கா?’ ‘ஆமாம்மா, கிளையன்ட்டு.’ அம்மா ரெண்டு நிமிஷம் யோசிச்சிட்டு, ‘எந்த கம்பெனிடா சமைக்கத் தெரியுமான்னு கேக்குது?’”

முதல் பெரிய சிரிப்பு இங்கே. ஐம்பது நொடிக்குள் வந்துவிட்டது. இந்தப் பகுதி இரண்டு வேலை செய்கிறது. மூன்று தலைப்பையும் எண்ணிச் சொல்லிக் கூட்டத்திடம் கொடுத்துவிடுகிறது. அதோடு, அம்மாவையும் உள்ளே கொண்டுவந்து விடுகிறது. அம்மா இங்கே ஒரு சிரிப்புக்காக மட்டும் வந்தவர் மாதிரிதான் தெரிவார். கடைசியில் அவர் தேவைப்படுவார்.

இன்னொன்று: மேலே ‘டெஸ்ட் பண்ணாம வெளிய விட மாட்டேன்’ என்பதோடு தொழில் பேச்சு நின்றுவிடுகிறது. பழைய செட்டில் அவர் கோடிங் சொற்களை வரிசையாக வைத்திருந்தார். அவற்றுக்கு மாணவர் வரிசை மட்டும் சிரித்தது, மற்றவர்கள் மாணவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்ஜினியர் என்பது அவருடைய சொற்களில் தெரிய வேண்டியதில்லை, அவர் நடந்துகொள்ளும் விதத்தில் தெரிந்தால் போதும். ஒரு காபிக்குப் போவதற்கு எதிர்ப் பதில்களை எழுதி வைப்பவர் என்ன வேலை பார்ப்பார் என்று பக்கத்து வீட்டு அத்தைக்கும் புரியும்.

அப்புறம் காட்சி. அவர் ஒரு நாற்காலியில் உட்கார்வது போல் கொஞ்சம் முட்டியை மடக்கி, நிமிர்ந்து, எழுதி மனப்பாடம் செய்த குரலில் கேட்கிறார்:

“‘இந்த வருஷம் வெயில் ஜாஸ்தில்ல?’ (நிறுத்தம்.) ‘எனக்கு வெயில் ரொம்பப் புடிக்கும்.’ (நீண்ட நிறுத்தம்.) வேலூர்ல, மே மாசத்துல, வெயில் புடிக்கும்னு சொல்ற ஒரு மனுஷி இருப்பாங்கன்னு நான் பிளான் பண்ணவே இல்ல. நான் எழுதி வச்ச பதில், ‘ஆமாங்க, கொடுமை.’ வாய்ல ரெடியா இருந்துச்சு. சொல்லிட்டேன். ‘எனக்கு வெயில் ரொம்பப் புடிக்கும்.’ ‘ஆமாங்க, கொடுமை.’”

இந்த இடத்தில் ஆடியோவில் சிரிப்பு இரண்டு அலையாகக் கேட்கிறது. முதல் அலை அந்தப் பெண்ணின் பதிலுக்கே வந்துவிடுகிறது, அவர் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே. திட்டம் கூட்டத்துக்குத் தெரிந்திருந்ததன் பலன் அது. இரண்டாவது அலை ‘கொடுமை’க்கு. வெயில் பிடிக்கும் என்பவரைப் பார்த்து ‘கொடுமை’ என்றால் அது அவரையே சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. இன்ஜினியருக்கு அது தெரிவதற்கு முன்னால் கூட்டத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

பிரியாணி அடுத்தது. இதுதான் செட்டில் எனக்குப் பிடித்த பகுதி, சரிசெய்ய அதிக நாள் பிடித்ததும் இதுதான்.

“‘உங்களுக்கு ஆம்பூர் பிரியாணி புடிக்குமா, வாணியம்பாடி பிரியாணி புடிக்குமா?’ ரெண்டுல எது சொன்னாலும் பதில் வச்சிருக்கேன். ரெண்டு பக்கமும் பேசுவேன். ‘நான் சைவம்ங்க.’ (நிறுத்தம்.) சரி. பதறாத. பிரியாணில இன்னா இன்னா இருக்கு? கறி. அது போச்சு. சோறு. அது எல்லா வீட்லயும் கீது. தொட்டுக்க… ‘அப்போ… கத்திரிக்கா?’”

ஆம்பூர் பிரியாணியோடு கத்தரிக்காய்த் தொக்கு வருவது இந்தப் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதனால் ‘கத்திரிக்கா’ என்ற ஒரு சொல்லே போதும், அவர் மனசு எந்த வழியாகப் போய் அங்கே நின்றது என்று விளக்க வேண்டியதே இல்லை. பழைய எழுத்தில் அதற்கு முன்னால் இரண்டு வரி விளக்கம் இருந்தது: பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் தருவார்கள், அது சைவம், அதனால் அதைக் கேட்டேன் என்று. விளக்கத்தை முன்னால் வைத்தால் கூட்டம் கத்தரிக்காயை முன்கூட்டியே பார்த்துவிடும். அந்த வரிகளை எடுத்துவிட்டு, ‘கறி போச்சு, சோறு எல்லா வீட்லயும் கீது’ என்று அவர் ஒவ்வொன்றாகத் தள்ளுவதை மட்டும் வைத்தோம். கூட்டமும் அவரோடு சேர்ந்து தட்டில் மிச்சம் என்ன இருக்கிறது என்று தேடுகிறது.

இந்த இடத்தில்தான் முதல் சில ஒத்திகைகளில் ஒரு தப்பு திரும்பத் திரும்ப நடந்தது. இதற்கு ஒரு வால் வரி உண்டு. “அவங்க, ‘என்னது?’ன்னாங்க. நான், ‘முள்ளுக் கத்திரிக்கா.’” வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இலவம்பாடிப் பக்கத்துக் காய். கேள்வி புரியாமல் ‘என்னது?’ என்பவரிடம், காயின் ரகத்தைத் துல்லியமாகச் சொல்கிறார் இன்ஜினியர். வரி நல்ல வரி. ஆனால் ஒத்திகை ஆடியோவில் அது கேட்கவே இல்லை. ‘கத்திரிக்கா’வுக்கு எல்லோரும் சிரிக்கும்போதே அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். சிரிப்பின் மேலேயே ஏறிப் பேசிவிட்டார். கூட்டம் அவர் பேசுவதைப் பார்த்ததும், ஏதோ முக்கியமானது போகிறது என்று சிரிப்பைச் சட்டென்று நிறுத்திக்கொண்டது. ஆக வால் வரியும் போச்சு, தலை வரிக்கு வந்த சிரிப்பும் பாதியில் அறுந்தது.

இதற்குக் காரணம் மனப்பாடம். மொத்தச் செட்டையும் வார்த்தை மாறாமல் நெட்டுரு போட்டிருந்தார். நெட்டுரு போட்டவருக்கு ஒரு வரியின் கடைசிச் சொல் அடுத்த வரியின் முதல் சொல்லை இழுத்துக்கொண்டே வரும், நடுவில் நிற்க முடியாது. நின்றால் மறந்துவிடும் என்ற பயம். பதற்றக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் தயாராகிறார்கள், அவர்களுக்கு அது இயல்பு. நான் சொன்னது, கேள்வி, பதில், ‘கத்திரிக்கா’, ‘கரெக்ட்’ போன்ற முக்கியச் சொற்களை மட்டும் வார்த்தைக்கு வார்த்தை பிடித்துக்கொள், நடுவில் இருக்கிற இணைப்பை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விதமாகச் சொல்லிப் பழகு என்று. நண்பர்கள் இரண்டு பேரிடம் சாதாரணமாகக் கதை சொல்வது போல் சொல்லச் சொன்னேன். அவர்கள் குறுக்கே பேசினால் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வர வேண்டும். அப்படிப் பழகிய பிறகுதான் அவரால் சிரிப்பைக் காதில் வாங்க முடிந்தது. சிரிப்பு எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். முழுக்க இறங்கி அமைதியாகும் வரை காத்திருந்தால் சூடு ஆறிவிடும். இறங்கத் தொடங்கும்போது வால் வரியை வைக்க வேண்டும். புதிய ஆடியோவில் ‘என்னது?’ சரியாக அந்த இடத்தில் விழுகிறது. சிரிப்பு மறுபடி ஏறுகிறது.

உடம்பு நடுங்குவதையும் பேச வேண்டும். கதை பதற்றக்காரனைப் பற்றியது. அவரும் பதற்றக்காரர். ஆக நடுங்கினால் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். அப்படி இல்லை. கதையில் வருகிற இன்ஜினியர் நடுங்கினால் சிரிப்பார்கள். மேடையில் நிற்கிற ஆள் நிஜமாக நடுங்கினால், கூட்டம் அவருக்காகக் கவலைப்பட ஆரம்பிக்கும். கவலைப்படுகிறவர் சிரிக்க மாட்டார். முதல் தடவை மைக்கைக் கையில் பிடித்திருந்தார். கை நடுங்கியதால் மைக் வாயிலிருந்து விலகி விலகி வந்தது, குரல் ஏறி இறங்கியது. ஒரு காகிதமும் வைத்திருந்தார். காகிதம் கையின் சின்ன நடுக்கத்தையும் பெரிதாகக் காட்டிவிடும். இரண்டாவது தடவை மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டோம். உயரத்தை அவருக்குச் சரியாக முன்கூட்டியே வைத்தோம். குறிப்புகளை உள்ளங்கை அளவு அட்டையில், பெரிய எழுத்தில், ஐந்து சொற்களாக மட்டும் எழுதி ஸ்டூலில் தண்ணீர் பாட்டில் பக்கத்தில் வைத்தார். மறந்தால் தண்ணீர் குடிக்கும் சாக்கில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு கையும் விடுதலையானதால், காட்சியில் நடுங்குகிற இன்ஜினியரை அவரால் வேண்டிய இடத்தில் மட்டும் நடித்துக் காட்ட முடிந்தது.

இனி மூன்றாவது தலைப்பு. இரண்டு உடைந்துவிட்டன. மூன்றாவதும் உடையும் என்று கூட்டம் காத்திருக்கிறது. புதிய செட்டை முதலில் எழுதியபோது அதுவும் உடைந்தது: டூர் போவாங்களா என்று கேட்டதற்கு அந்தப் பெண் ‘பஸ்ல வாந்தி வரும்’ என்றார். சுமாரான சிரிப்பு. இரண்டு முறை நடந்ததே மூன்றாவதும் நடந்தால் கூட்டம் கணக்குப் போட்டு வைத்திருக்கும். வேறு ஏதாவது புதிதாக உடைக்கலாம் என்று இரண்டு வாரம் யோசித்தும் ஒன்றும் சரிப்படவில்லை. அந்தச் சந்திப்பில் மூன்றாவது கேள்விக்கு நிஜமாக என்ன நடந்தது என்று மறுபடி கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். அது அப்படியே செட்டுக்குள் போனது:

“‘லீவு கெடச்சா எங்க போவீங்க?’ நான் எழுதி வச்சிருந்தது ஏலகிரி. அவங்க காபிய கீழ வச்சாங்க. யோசிச்சாங்க. ‘ஏலகிரி’ன்னாங்க. (நிறுத்தம். முகம் மலர்கிறது.) நான், ‘கரெக்ட்!’”

இரண்டு தடவையும் எதிர்பார்த்தது கிடைக்காமல், மூன்றாவது தடவை கிடைத்ததும், மனுஷன் வாத்தியார் மாதிரி மார்க் போட்டுவிட்டார். திட்டம் பலித்த ஒரே இடத்தில்தான் அவர் திட்டம் போட்டு வந்தது வெளியே தெரிகிறது. அந்த மாடியில் அவ்வளவு பெரிய சிரிப்பை நான் அதிகம் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசாமல், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்ட முகத்தோடு நிற்கிறார். அதற்கும் சிரிப்பு. இந்த வரிக்கு வால் எதுவும் வைக்கவில்லை. வைத்துப் பார்த்தோம், எல்லாமே அதைக் கெடுத்தன.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் வடிவில் அவர் ஃபோனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அது கேட்பதற்குப் புகார் மாதிரி இருந்தது. இவ்வளவு தயாராகி வந்தேன், இந்தப் பெண் மதிக்கவில்லை என்பது போல. உண்மையில் அவர் ஃபோனைத் தொடவே இல்லையாம். புதிய வடிவில் அவர் சொல்வது எல்லாம் நியாயமான பதில்கள். வெயில் பிடிக்கும். சைவம். ஏலகிரி. தப்பு முழுக்க இவர் எழுதி வைத்ததில்தான் இருக்கிறது. மேடைக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் அவரிடம் அனுமதி கேள் என்று நான் சொன்னேன், இவரும் கேட்டார். எங்கே வேலை பார்க்கிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்றாராம். அதோடு ஒரு திருத்தமும் கொடுத்தார்: “கத்திரிக்கான்னு கேட்டப்போ நான் சிரிச்சேன்ல, அத ஏன் சொல்லல?”

அந்தத் திருத்தம் செட்டுக்குள் போன பிறகு ‘கரெக்ட்’டின் பலம் கூடியது. ‘கத்திரிக்கா’வுக்கு அவர் சிரித்தார் என்று சொன்னதும் கூட்டத்துக்கு நிம்மதி. பெண்ணுக்கு இவரைப் பிடிக்காமல் போய்விடவில்லை. ஆகவே மூன்றாவது கேள்வி கேட்கும்போது இது நல்லபடியாக முடியட்டும் என்று கூட்டம் ஆசைப்படுகிறது. ஏலகிரி என்றதும் இரண்டு பேர் கைகூடத் தட்டிவிட்டார்கள். அந்தக் கைதட்டலுக்கு மேல்தான் ‘கரெக்ட்’ வந்து விழுந்தது.

முடிவு. பழைய முடிவில், அந்தப் பெண் எழுந்து போகும்போது அவர் கையிலிருந்து ஒரு சீட்டு விழுகிறது, அதிலும் என்னென்ன பேசுவது என்று எழுதியிருக்கிறது என்று வைத்திருந்தார். நடக்காத விஷயம். நடக்காதது என்பதால் மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவர் எழுதி வைத்துக்கொண்டு வந்தார் என்று கதை தொடங்கும்போதே, இன்னொருவரும் எழுதி வந்திருப்பார் என்று கேட்பவர்களில் பாதிப்பேர் யூகித்துவிடுவார்கள். முதல் தடவை அந்த முடிவைச் சொன்னபோது, சீட்டு விழுந்தது என்றதுமே பின்வரிசையில் ஒருவர் “அவங்களும் ரிகர்சலா?” என்று சொல்லிவிட்டார். ஆடியோவில் கேட்கிறது. ஐந்து நிமிடத்திலும் வந்த ஒரே நல்ல சிரிப்பு அதுதான், அதுவும் அந்தப் பின்வரிசைக்காரருக்கு வந்தது.

புதிய முடிவுக்கு அம்மா திரும்பி வருகிறார்:

“வீட்டுக்கு வந்தேன். அம்மா கதவத் தெறந்தாங்க. மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. இஸ்திரி போட்ட சட்ட. சென்ட்டு. ‘கம்பெனில இன்னாடா சொன்னாங்க?’ (நிறுத்தம்.) ‘சொல்லி அனுப்பறேன்னாங்கம்மா.’”

வேலைக்கு இன்டர்வியூ போய் வந்தாலும் இதைத்தான் சொல்வோம், பெண் பார்த்துவிட்டு வந்தாலும் இதைத்தான் சொல்வோம். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அவனும் அவருக்குத் தெரியும் என்று தெரிந்தே பதில் சொல்கிறான். இருவரும் கிளையன்ட் பொய்யை விடாமல் பேசிக்கொள்கிறார்கள். இந்த வரியில் கூட்டம் சிரித்த சிரிப்பு ‘கரெக்ட்’டைவிடச் சின்னது, ஆனால் நீளமானது. கைதட்டல் அதோடு சேர்ந்து வந்தது. டார்ச் காட்டி நாற்பது நொடி ஆகியிருந்தது, நேரம் சரியாக இருந்தது.

எல்லா இடத்திலும் இது இதே மாதிரி போகவில்லை. பெங்களூரில் தமிழ் நிகழ்ச்சி ஒன்றில் பேசியபோது வெயில் பகுதி பாதிதான் எடுபட்டது. வேலூர் மே மாதம் என்றால் என்ன என்று அங்கே உடம்புக்குத் தெரியாது. கத்திரிக்காய் இன்னும் மோசம். கோயம்புத்தூர், மதுரைப் பக்கத்து ஆட்கள் பிரியாணிக்கும் கத்தரிக்காய்க்கும் என்ன சம்பந்தம் என்று முழித்தார்கள். விளக்கத்தைத் திரும்ப முன்னால் வைத்தால் வரி செத்துப்போகும் என்று ஏற்கனவே தெரியும். அதனால் விளக்கத்தைக் கேள்விக்குள்ளேயே புகுத்திப் பார்க்கிறார்: “ஆம்பூர் பிரியாணியா, வாணியம்பாடியா? எனக்கு ரெண்டுலயும் அந்தக் கத்திரிக்காத் தொக்குதான் உசுரு.” இது அவர் எழுதி வைத்த பேச்சின் ஒரு பகுதி மாதிரி வேகமாக, அழுத்தம் இல்லாமல் போய்விட வேண்டும். அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் கூட்டம் கத்தரிக்காயைப் பிடித்துக்கொள்கிறது. போன தடவை கேட்டபோது ‘தொக்குதான்’ என்ற இடத்தில் இன்னும் லேசாக நிற்கிறார். அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டு வருகிற மாதம் மறுபடி பேசப்போகிறார்.